மே மாத வெயிலும் லேப்டாப்புக்குள் வெந்த எஸ்எஸ்டியும்

கல்யாண வீடியோ எடிட்டிங் எனக்குத் தொழில். திருச்சியில் மொட்டை மாடிக்குக் கீழே ஒரு அறை, ஏசி கிடையாது, ஒரு சீலிங் ஃபேன், மேசையில் கேமிங் லேப்டாப். ஏப்ரல் வரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த லேப்டாப் அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் மத்தியானங்களில் அடம்பிடிக்க ஆரம்பித்தது. காலையில் நாற்பது நிமிடத்தில் முடிகிற எக்ஸ்போர்ட் மத்தியானம் ஒன்றேகால் மணி நேரம் இழுக்கும். டைம்லைனை ஓட்டிப் பார்த்தால் நாதஸ்வரச் சத்தம் ஓடும், படம் நின்று நின்று வரும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதம் என்று காட்டும். ஆனால் கீழே வேகத்தைப் பார்த்தால் விநாடிக்கு 150 எம்பி, 200 எம்பி என்றுதான் இருக்கும். 3,000 எம்பிக்கு மேல் படிக்க வேண்டிய என்விஎம்இ வகை எஸ்எஸ்டி டிரைவ் அது. வேலை மலை போல இருப்பதாகச் சொல்கிறது, ஆனால் வேலை நடக்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஏதாவது புரிந்திருக்க வேண்டும். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் பெண் வீட்டார் ஆல்பமும் வீடியோவும் கேட்டு போன் மேல் போன் போடுகிறார்கள் என்பதுதான்.

கடைக்குக் கொண்டுபோனேன். ஆன் செய்து ஒரு ஃபைலை காப்பி பண்ணிப் பார்த்தார்கள். "டிரைவ் வீக் ஆயிடுச்சு சார், டேட்டா போறதுக்கு முன்னாடி மாத்திடுங்க" என்றார்கள். டேட்டா போய்விடும் என்றால் எடிட்டிங் ஆளுக்கு வேறு என்ன தோன்றும்? புதிய 1 டிபி டிரைவ் 7,400 ரூபாய், பழையதை அப்படியே நகல் எடுத்துப் போட்டுத்தர 500 ரூபாய். லேப்டாப் கடையில் இருந்த நாட்களில் ஒரு ரிசப்ஷன் வீடியோவை வெளியில் கொடுத்து எடிட் செய்ய வைத்த செலவு தனி. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ராத்திரி எல்லாம் பறந்தது. மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்குப் பழைய கதை. உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. அப்புறம்தான் யோசித்தேன்: இரண்டு வேறு கம்பெனி டிரைவ், ஒன்று பழையது, ஒன்று பெட்டி பிரித்தது, இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி படுத்துகிறது என்றால் கோளாறு டிரைவில் இல்லை, டிரைவ் இருக்கும் இடத்தில்.

என்விஎம்இ டிரைவ் என்பது பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சின்னப் பலகை. அதில் டேட்டாவைச் சேமிக்கும் சில்லுகள் சிலவும், அவற்றை மேய்க்கும் கன்ட்ரோலர் என்ற சில்லு ஒன்றும் உண்டு. அதிகம் சூடாவது கன்ட்ரோலர்தான். குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சூடு இறங்கினால் மறுபடி வேகம் பிடிக்கும். இதை த்ராட்லிங் என்கிறார்கள். இது பழுது இல்லை, பாதுகாப்பு ஏற்பாடு. அதனால்தான் எந்த எச்சரிக்கையும் திரையில் வராது. டிரைவின் நிலையைக் காட்டும் CrystalDiskInfo என்ற மென்பொருளில் என் பழைய டிரைவின் ஆரோக்கியம் நன்றாகத்தான் இருந்தது. கடையில் யாராவது அதைத் திறந்து பார்த்திருந்தால் அந்த 7,400 ரூபாய் என்னிடமே இருந்திருக்கும்.

சூட்டைப் பார்க்க நான் இரண்டு கருவிகளைப் பயன்படுத்தினேன். ஒன்று HWiNFO. சென்சார் பட்டியலில் டிரைவின் பெயருக்குக் கீழே Drive Temperature என்று இருக்கும், பக்கத்திலேயே இதுவரை தொட்ட உச்சமும் தெரியும். சில டிரைவ்கள் இரண்டாவது சென்சாரையும் காட்டும். எந்த சென்சார் எந்தச் சில்லின் மேல் இருக்கிறது என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது, அதனால் முதல் எண்ணை வைத்துக்கொண்டு பேசுவதே நல்லது. இரண்டாவது கருவி smartctl, smartmontools என்ற இலவசத் தொகுப்பை நிறுவினால் கிடைக்கும். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து இதை அடிக்க வேண்டும். முதல் வரி டிரைவின் பெயரைச் சொல்லும். அது வேறாக வந்தால் இரண்டாவது வரியில் அந்தப் பெயரைப் போடுங்கள்.

```
smartctl --scan
smartctl -a /dev/nvme0
```

நீளமாக நிறைய வரும், பயப்பட வேண்டாம். எனக்கு உதவியது இந்த நான்கு வரிகள்:

```
Warning  Comp. Temp. Threshold:     80 Celsius
Critical Comp. Temp. Threshold:     85 Celsius
Temperature:                        81 Celsius
Warning  Comp. Temperature Time:    412
```

முதல் இரண்டும் தயாரிப்பாளர் வைத்த எல்லைகள். டிரைவுக்கு டிரைவ் மாறும், அதனால் என் 80-ஐ உங்கள் எல்லையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவது இப்போதைய சூடு. நான்காவது வரிதான் தங்கம். டிரைவ் பிறந்ததிலிருந்து எச்சரிக்கை எல்லையில் எத்தனை நிமிடம் இருந்தது என்ற கணக்கு அது, அழிக்க முடியாது. புது டிரைவ் வந்து ஒரு மாதம் ஆகாத நிலையில் 412 நிமிடம்! கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் வெந்திருக்கிறது. ஒரு எக்ஸ்போர்ட்டுக்கு முன்னால் இந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, முடிந்ததும் மறுபடி பாருங்கள். கூடியிருந்தால் சந்தேகமே வேண்டாம். கூடவில்லை என்றால் மட்டும் சூடு காரணமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சில டிரைவ்கள் எச்சரிக்கை எல்லைக்குக் கீழேயே வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும், அந்த நேரம் இந்தக் கணக்கில் ஏறாது. பழைய டிரைவ் யாரிடமாவது வாங்கினாலும் இந்த வரியைப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

இங்கே ஒரு குழப்பம் உண்டு, நானும் இதில் ஒரு சாயங்காலத்தைத் தொலைத்தேன். பெரிய ஃபைலை எழுதும்போது வேகம் திடீரென்று விழுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த டிரைவ்கள் எழுத வருவதை முதலில் ஒரு வேகமான பகுதியில் வாங்கிப் போட்டுக்கொள்ளும், அப்புறம் மெதுவாக உள்ளே அடுக்கும். அந்தப் பகுதி நிரம்பினால் எழுதும் வேகம் சரியும். டிரைவ் நிறைந்திருக்கும்போது அந்தப் பகுதியும் பெரும்பாலான டிரைவ்களில் சுருங்கிவிடும். இதற்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை, சூட்டைக் கடத்தும் பேட் எதை ஒட்டினாலும் இது சரியாகாது. வித்தியாசம் கண்டுபிடிக்க வழி, எழுதாமல் படிக்க மட்டும் வைப்பது. அந்த வேகமான பகுதி எழுதுவதற்குத்தான். படிக்கும்போதும் வேகம் விழுந்தால் சூட்டைச் சந்தேகிக்கலாம். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் diskspd என்ற சின்னக் கருவியை இறக்கி, ஏற்கெனவே டிரைவில் இருக்கும் பெரிய வீடியோ ஃபைல் ஒன்றைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தேன்:

```
diskspd -b1M -d600 -Sh -w0 -o8 -t1 D:\footage\clip.mov
```

600 விநாடி, அதாவது பத்து நிமிடம் ஓடும். -w0 என்பதற்கு எழுதும் பங்கு பூஜ்யம் என்று பொருள். அங்கே வேறு எண்ணைப் போட்டால் அந்த வீடியோவின் மேலேயே எழுதித் தொலைத்துவிடும், அதனால் அடித்ததும் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். முக்கியமில்லாத ஃபைலின் நகலை வைத்துச் செய்வது இன்னும் நிம்மதி. இது ஓடும்போது பக்கத்தில் HWiNFO-வைத் திறந்து சூட்டையும் படிக்கும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் diskspd கடைசியில் சராசரியை மட்டும்தான் சொல்லும். சூட்டால் வரும் சரிவு ரம்பப் பல் மாதிரி இருக்கும்: விழும், கொஞ்சம் ஆறும், ஏறும், மறுபடி விழும். இடம் நிரம்பி வரும் சரிவு ஒருமுறை விழுந்தால் எழுதி முடிக்கும்வரை ஏறக்குறைய அதே மட்டத்தில் கிடக்கும். அப்போது சூடு பெரும்பாலும் எல்லைக்கு வெகு கீழேயே நிற்பதையும் பார்க்கலாம்.

இந்தச் சோதனையில் எனக்கு வந்த விடை கொஞ்சம் விசித்திரமானது. பத்து நிமிடமும் 3,200 எம்பிக்குக் குறையவே இல்லை. சூடு 74-ல் போய் நின்றுவிட்டது. அப்படியென்றால் சூடு காரணமில்லையா? அதே சோதனையை எக்ஸ்போர்ட் ஓடும்போது சேர்த்து ஓட்டினேன். ஐந்து நிமிடத்தில் 80 தாண்டியது, வேகம் 700-க்கு விழுந்தது, ஏறியது, விழுந்தது. அதாவது டிரைவ் தன் வேலையால் மட்டும் வேகவில்லை. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் கண்ணுக்கு நேராக இருந்தது. கிராஃபிக்ஸ் சில்லிலிருந்து விசிறிக்குப் போகும் செப்புக் குழாய் டிரைவிலிருந்து ஒரு விரல் தூரத்தில் போகிறது. பக்கத்து வீட்டு அடுப்பு எரிந்தால் நம் சுவர் சுடுகிற கதைதான். கூடவே அறையின் வெயில். அறை 28 டிகிரியில் இருக்கும்போது 73-ல் நிற்கிற டிரைவ், அறை 37-க்குப் போனால் ஏறக்குறைய அதே ஒன்பது டிகிரி ஏறி 82-ல் நிற்கும். காலையில் பறந்து மத்தியானம் படுத்ததற்கும், புது டிரைவ் ராத்திரியில் பறந்ததற்கும் இதுதான் காரணம். அதனால் சோதனையை உங்கள் வேலை நடக்கும் நேரத்தில், வேலை ஓடும்போதே செய்யுங்கள். கடையின் ஏசியில் காலை பதினோரு மணிக்கு ஒரு ஃபைலை காப்பி செய்து பார்த்தால் எதுவும் தெரியாது.

பணம் செலவழிக்கும் முன் இலவசமாக ஒன்று செய்தேன். லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு மரக்கட்டைகளில் தூக்கி வைத்து, அடியில் காற்று போகும்படி டேபிள் ஃபேனைத் திருப்பினேன். உச்சம் 83-லிருந்து 79-க்கு வந்தது. எல்லைக்கு ஒரு டிகிரி கீழே என்பது வாழ்க்கை இல்லை, ஆனால் காற்று பட்டால் குறைகிறது என்பது உறுதியாகிவிட்டது. விசிறித் துடுப்புகளில் இருந்த தூசியையும் அப்போதே பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். அடுத்த கட்டம், டிரைவின் சூட்டை வெளியே கடத்துவது.

கடையில் கிடைக்கும் அலுமினிய ஹீட்சிங்க்குகளைப் பார்த்து மயங்க வேண்டாம். துடுப்பு வைத்த அந்த உயரமானவை டெஸ்க்டாப்புக்கு. லேப்டாப்பில் டிரைவுக்கும் பின்மூடிக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அங்கே செய்யக்கூடியது, மெத்தென்ற தெர்மல் பேட் ஒன்றை வைத்துப் பின்மூடியையே ஹீட்சிங்க் ஆக்குவது. மூடி உலோகமாக இருந்தால்தான் இது முழுசாகப் பலிக்கும். என்னுடையது அலுமினியம், தப்பித்தேன். பிளாஸ்டிக் மூடி என்றால் பேட் வைத்தும் பெரிய பலன் இராது. டிரைவின் மேல் மெல்லிய செப்புத் தகடு ஒட்டிச் சூட்டைப் பரப்பிவிடலாம். ஆனால் செப்பு மின்சாரம் கடத்தும், ஓரம் நழுவி எதையாவது தொட்டால் மதர்போர்டுக்கே ஆபத்து. அதை நான் செய்யவில்லை, தைரியம் வரவில்லை.

பேட் வாங்குகிறவர்கள் எல்லோரும் டப்பாவில் போட்டிருக்கும் கடத்துதிறன் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். 6 போட்டதைவிட 12 போட்டது விலை பல மடங்கு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். கன்ட்ரோலர் சுமார் 12 மில்லிமீட்டர் சதுரம், அதன் வழியே 3 வாட் போகிறது, பேட் 2 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால், 6 போட்ட பேட்டில் ஏறக்குறைய 7 டிகிரி இழப்பு, 12-ல் அதில் பாதி. மூன்று நான்கு டிகிரி வித்தியாசம், அவ்வளவே. அதைவிட முக்கியம் தடிமன். மெல்லியதாக வாங்கினால் மூடியைத் தொடாது, அப்படியென்றால் பேட் வைத்ததற்கே அர்த்தமில்லை. தடித்ததாக வாங்கினால் அதைவிட மோசம். டிரைவ் ஒரு முனையில் சாக்கெட்டிலும் மறுமுனையில் ஒற்றைத் திருகிலும்தான் நிற்கிறது. நடுவில் அழுத்தினால் வில்லாக வளையும், சில்லுகளின் ஈயப்பற்று விடும்.

இடைவெளியை அளக்க நான் பிடித்த வழி: என் அக்கா மகனின் விளையாட்டு களிமண்ணில் பட்டாணி அளவு எடுத்து, சமையலறை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, டிரைவின் நடுவில் ஒன்றும் ஓரத்தில் ஒன்றும் வைத்து, மூடியைப் போட்டுத் திருகுகளை முழுவதும் முறுக்கினேன். திறந்து, நசுங்கிய உருண்டையின் தடிமனை வெர்னியரில் பார்த்தால் 1.6 மில்லிமீட்டர். பேட் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை நசுங்கினால் நல்லது. 2 மில்லிமீட்டர் பேட் 1.6-க்கு நசுங்கினால் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. 6 போட்ட மெத்தென்ற பேட் ஒன்றை 350 ரூபாய்க்கு வாங்கினேன். மெத்தென்று இருப்பது இங்கே தேவை, ஏனென்றால் கன்ட்ரோலரும் சேமிப்புச் சில்லுகளும் ஒரே உயரத்தில் இருக்காது. கன்ட்ரோலர் தாழ்ந்திருந்தால், விறைப்பான பேட் மற்ற சில்லுகளின் மேல் உட்கார்ந்துகொண்டு முக்கியமானவனைத் தொடாமலே விட்டுவிடும்.

ஒட்டும் வேலை அரை மணி நேரம்தான். லேப்டாப்பை ஷட் டவுன் செய்து சார்ஜரைப் பிடுங்கிய பின் மூடியைக் கழற்றி, முதல் வேலையாக பேட்டரி கனெக்டரை மதர்போர்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். களிமண் வைத்து அளக்கும்போதும் இப்படித்தான். டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணைக் கழற்றுவதற்கு முன்பே போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிரைவின் மேல் உள்ள ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். உரித்தால் வாரன்டி போய்விடும் என்று பல கம்பெனிகள் சொல்கின்றன, ஸ்டிக்கரின் மேலேயே பேட் வைப்பதால் இழப்பு மிகக் குறைவு. பேட்டை டிரைவின் அளவுக்கு, திருகுத் தலையை விட்டு, வெட்டினேன். பேட்டின் இரண்டு பக்கமும் பாதுகாப்புத் தாள் உண்டு, இரண்டையும் உரிக்க வேண்டும். என் நண்பர் ஒருவர் மேல்தாளை விட்டுவிட்டு, பேட்டே மோசடி என்று திட்டிக்கொண்டிருந்தார். மூடியின் உள்பக்கம் கறுப்பு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் அதைக் கிழிக்க வேண்டாம், ஷார்ட் ஆகாமல் இருக்கப் போட்டது அது. காற்றுத் துளைகளை பேட் அடைக்கக் கூடாது. மூடியைப் போடும்போது கை அழுத்தத்திலேயே சீராக உட்கார வேண்டும். எங்காவது தூக்கிக்கொண்டு, திருகை வைத்து இழுத்துத்தான் மூட வேண்டும் என்றால் பேட் தடிமன் அதிகம், நிறுத்திவிடுங்கள்.

பேட்டரியை மாட்டி ஆன் செய்ததும் டிரைவ் தெரிகிறதா என்று பார்த்தேன். அதே மத்தியானம், அதே 37 டிகிரி அறை, அதே எக்ஸ்போர்ட்டும் படிக்கும் சோதனையும் சேர்த்து ஓட்டினேன். உச்சம் 72. வேகம் விழவில்லை. எக்ஸ்போர்ட் 42 நிமிடத்தில் முடிந்தது. அடுத்த வாரம் smartctl-ல் பார்த்தபோது அந்த எச்சரிக்கை நிமிடக் கணக்கு பேட் ஒட்டிய அன்று இருந்த எண்ணிலேயே நின்றிருந்தது.

குறை இல்லாமல் இல்லை. சூடு காணாமல் போகவில்லை, மூடிக்கு வந்திருக்கிறது. எக்ஸ்போர்ட் ஓடும்போது அடியில் இடது மூலையில் கை வைக்க முடியவில்லை. மடியில் வைத்து வேலை செய்கிறவர்கள் இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். கிராஃபிக்ஸ் பக்கத்துச் சூடும் அதே மூடியில் இறங்குகிறது, ஆகவே மரக்கட்டைகளை இன்னும் எடுக்கவில்லை. மூடியை மறுபடி கழற்ற வேண்டி வந்தால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பேட் மூடியோடும் டிரைவோடும் ஒட்டிக்கொண்டிருக்கும், டிரைவையும் சேர்த்துத் தூக்கிவிடும். ஒரு ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி, பழைய ஏடிஎம் கார்டை உள்ளே விட்டு, பேட்டை மூடியிலிருந்து மெதுவாகப் பிரித்துக்கொண்டே வர வேண்டும். கிழிந்துபோனால் புதிதாக ஒன்று வெட்டி வைத்துக்கொள்ளலாம், வாங்கிய தாளில் இன்னொன்றுக்கு மிச்சம் இருக்கும். கடைக்காரர் "வீக்" என்று சொன்ன அந்தப் பழைய டிரைவ் இப்போது ஒரு யுஎஸ்பி உறைக்குள் இருக்கிறது. போன வாரத்துக் கல்யாணத்தின் மொத்த ஃபுட்டேஜும் அதில்தான்.